‘சாரிங்ணா, லேட் ஆயிடுச்சு’: ஒரு மன்னிப்புச் செய்தியைத் திருத்தி எழுதும் விதம்

“அண்ணா, சாரிங்ணா. டையிங்ல கொஞ்சம் இழுத்துட்டாங்க. அதனால நம்ம லோடு லேட் ஆயிடுச்சு. சீசன் டைம், உங்களுக்கே தெரியும். சீக்கிரம் அனுப்பிடறோம். தப்பா நினைச்சுக்காதீங்க.”

தீபாவளிக்கு முன்பான வாரங்களில் திருப்பூரிலிருந்து புறப்படும் வாட்ஸ்அப் செய்திகளில் இந்த ரகம் நிறையவே இருக்கும். மரியாதை இருக்கிறது, ‘சாரி’யும் இருக்கிறது. ஆனாலும் இதைப் படிக்கும் கடைக்காரருக்குக் கோபம் கூடுமே தவிரக் குறையாது. ஏன் என்று பார்ப்பதற்கு, அங்கே வழக்கமாக நடக்கக்கூடிய ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம்.

மதுரையில் ஒரு துணிக்கடை. அதன் உரிமையாளர் திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனிக்கு 3,600 டி-ஷர்ட் ஆர்டர் கொடுத்திருக்கிறார். நேவி, பச்சை, மெரூன் என்று மூன்று நிறம், நிறத்துக்கு 1,200 பீஸ். தீபாவளி அக்டோபர் 20. சரக்கு கடைக்கு வர வேண்டிய நாள் அக்டோபர் 4. சாயப்பட்டறையிலிருந்து மெரூன் துணி செப்டம்பர் 25 அன்று வந்தபோது, கடைக்காரர் ஒப்புக்கொண்ட மாதிரித் துணியைவிட நிறம் மங்கலாக இருந்தது. மறுநாளே மறுசாயத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். சரியான நிறத்தில் துணி வந்து சேர்ந்தது அக்டோபர் 3 மாலை. நேவியும் பச்சையும் தைத்து, தேய்த்து, பெட்டியில் கட்டித் தயாராக இருக்கின்றன. மெரூனில் ஒரு பீஸ்கூட வெட்டவில்லை. அக்டோபர் 4 காலை, கம்பெனி உரிமையாளர் மேலே உள்ள செய்தியை எழுதுகிறார்.

இதைப் படிக்கும்போது கடைக்காரர் எந்த நிலையில் இருப்பார்? சரக்குக்காக அலமாரியில் இடம் ஒதுக்கியிருப்பார். மூன்று நிறம் வருகிறது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருப்பார். இப்போது அவர் முடிவு செய்ய வேண்டியவை சில உண்டு: காத்திருப்பதா, வேறு இடத்தில் வாங்குவதா, விளம்பரத்தில் மெரூனைக் காட்டுவதா வேண்டாமா. இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்தச் செய்தி விடை தரவில்லை. ‘கொஞ்சம்’ என்றால் எத்தனை நாள்? ‘சீக்கிரம்’ என்றால் எந்தத் தேதி? ‘நம்ம லோடு’ என்றால் 3,600 பீஸுமா, ஒரு நிறம் மட்டுமா? மூன்றில் இரண்டு பங்கு சரக்கு தயாராக இருக்கிறது என்ற நல்ல செய்திகூட அதில் இல்லை.

அடுத்தது பொறுப்பு. ‘டையிங்ல இழுத்துட்டாங்க’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாயப்பட்டறையைத் தேர்ந்தெடுத்தவர் கடைக்காரர் அல்ல. அவருக்கும் பட்டறைக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. தேதி கொடுத்தது பனியன் கம்பெனி. ‘சீசன் டைம், உங்களுக்கே தெரியும்’ என்பதும் அப்படித்தான். சீசனில் சாயப்பட்டறையில் நெருக்கடி இருக்கும் என்பது தெரிந்த விஷயம் என்றால், தேதி சொல்லும்போதே அதைக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று முடிக்கும்போது, சரிசெய்ய வேண்டியது சரக்கு அல்ல, கடைக்காரரின் மனநிலைதான் என்று ஆகிவிடுகிறது.

‘லேட் ஆயிடுச்சு’ என்ற வினை இந்த நழுவலுக்கு வசதி செய்து தருகிறது. மழை பெய்தது போல, தாமதம் தானாக வந்து சேர்ந்ததாக அது சொல்கிறது. செய்தவர் யாரும் வாக்கியத்தில் இல்லை. ‘சொன்ன தேதிக்கு நாங்கள் தரவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். ‘நாங்கள்’ என்ற சொல் வந்ததுமே, அடுத்த வாக்கியம் சாக்காக இருக்க முடியாமல் போகிறது. திருத்தத்தைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

மன்னிப்பின் எந்தப் பகுதி எதிராளியிடம் எடுபடுகிறது என்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மன்னிப்பை அவர்கள் ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, என்ன நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்யமாட்டோம் என்று உறுதி சொல்வது, ஈடுசெய்ய முன்வருவது, மன்னிக்கக் கேட்பது. இரண்டு ஆய்வுகளில் மொத்தம் 755 பேர் பங்கேற்றார்கள். அவர்களிடம் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஏற்பது. அடுத்தது ஈடுசெய்ய முன்வருவது. ‘மன்னித்துவிடுங்கள்’ என்று கேட்பது கடைசியில் வந்தது. நம் செய்தியில் இருந்தவை வருத்தமும் விளக்கமும் ஓர் இறைஞ்சலும்தான். எடை கூடிய இரண்டு பகுதிகளும் அதில் இல்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. திறமைக் குறைவால் நேர்ந்த பிழைக்குக் கேட்கும் மன்னிப்பை மக்கள் ஏற்கும் அளவுக்கு, தெரிந்தே செய்த நேர்மைப் பிழைக்கான மன்னிப்பை ஏற்பதில்லை. நம் கதையின் மையம் இங்கேதான் இருக்கிறது. நிறம் மாறி வந்தது முதல்வகைப் பிழை. செப்டம்பர் 25 அன்றே தெரிந்ததை அக்டோபர் 4 வரை சொல்லாமல் இருந்தது இரண்டாவது வகையை நெருங்குகிறது. எப்படியாவது ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் பேசாமல் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த ஒன்பது நாளில் கடைக்காரர் மாற்று ஏற்பாடு செய்திருக்க முடியும். ஆகவே மன்னிப்பு கேட்க வேண்டியது இரண்டுக்கு: தாமதத்துக்கு, மௌனத்துக்கு. இரண்டாவதை விட்டுவிட்டால், முதல் வாக்கியம் எவ்வளவு பணிவாக இருந்தாலும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, ‘இது உங்களுக்கு எப்பத் தெரியும்?’ என்பதாகத்தான் இருக்கும்.

எழுதுவதற்கு முன் புதிய தேதியைக் கணக்குப் போட வேண்டும். பின்னல் துணியைச் சாயப்பட்டறையிலிருந்து வந்ததும் வெட்டக் கூடாது. சுருளில் இழுபட்டிருக்கும் துணியைப் பிரித்து, தளர்வாக ஆறப்போட வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் தைத்த பிறகு அளவு சுருங்கும்; தாமதத்தோடு தரக் குறைவும் சேர்ந்துகொள்ளும். எனவே 4ஆம் தேதி துணி ஆறட்டும். 5ஆம் தேதி கட்டிங். ஒரு பவர் டேபிளில் நாளுக்கு 400 பீஸ் தைக்க முடியும் என்றால் 6, 7, 8 ஆகிய மூன்று நாள் தையல். செக்கிங், அயர்னிங், பேக்கிங் 9ஆம் தேதி முடிந்து, அன்றிரவு லாரி ஏற்றினால் 10ஆம் தேதி காலை மதுரை. எல்லாம் சரியாக நடந்தால்தான் இந்தத் தேதி. அதனால் கடைக்காரரிடம் 11 என்று சொல்வது நல்லது. கோபத்தைத் தணிக்க 8 என்று சொல்லி அதையும் தவறவிட்டால், பிறகு எழுதும் எந்த மன்னிப்பையும் அவர் நம்பப் போவதில்லை.

இப்போது திருத்திய செய்தி. முதலில் போனில் பேசிவிட்டு, பேசியதை எழுத்தில் உறுதிப்படுத்த இதை அனுப்பலாம்.

“வணக்கங்ணா. இன்று, அக்டோபர் 4, உங்களுக்கு வர வேண்டிய 3,600 பீஸில் மெரூன் 1,200 பீஸை நாங்கள் சொன்ன தேதிக்குத் தரவில்லை. தவறு எங்களுடையது. மெரூன் துணி செப்டம்பர் 25 அன்று மாதிரியைவிட மங்கலாக வந்ததால் மறுசாயத்துக்கு அனுப்பினோம். அதற்கான நாள்களை நாங்கள் திட்டத்தில் வைத்திருக்கவில்லை. அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதனால் நீங்கள் வேறு ஏற்பாடு செய்யும் நேரத்தை இழந்தீர்கள். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நேவி 1,200, பச்சை 1,200 இன்றிரவு லாரியில் ஏறி நாளைக் காலை உங்களிடம் வரும். மெரூன் அக்டோபர் 11க்குள் வரும். இரண்டாவது லோடின் லாரி வாடகை எங்கள் பொறுப்பு. 11ஆம் தேதி உங்களுக்குத் தாமதம் என்றால் மெரூனை ரத்து செய்யலாம். அதற்கான அட்வான்ஸைப் பில்லில் கழித்துக்கொள்கிறோம். நாளைக் காலை 10 மணிக்குக் கட்டிங் தொடங்குகிறோம், அதற்குள் சொன்னால் போதும்.

இனி உங்கள் ஆர்டரில் சாயத் துணி வந்த அன்றே மாதிரியோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் அன்று மாலைக்குள் உங்களுக்குத் தெரிவிப்போம்.”

முதல் செய்தியைவிட இது நீளம். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் கடைக்காரருக்கு ஏதாவது ஒன்றைத் தருகிறது. காரணம் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. அதுவும் தப்பிக்க அல்ல, நடந்தது புரிவதற்காக. சாயப்பட்டறை என்ற சொல்லே இல்லை. அவருக்கு நேர்ந்த இழப்பு இன்னதென்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ரத்து செய்யும் வழியைத் திறந்துவைத்ததில், முடிவெடுக்கும் உரிமை அவரிடம் திரும்பிப் போயிருக்கிறது. ‘இனி இப்படி நடக்காது’ என்பதற்குப் பதிலாக, நடந்ததா இல்லையா என்று அவரே பார்க்கக்கூடிய ஒரு செயல் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. மாதிரித் துணிக்கு ஒப்புதல் தரக் கடைக்காரரே சில நாள் தாமதித்திருந்தால், அந்த நாள்களை இந்தச் செய்தியில் சேர்க்கக் கூடாது. மன்னிப்புக்குள் ‘ஆனால்’ நுழைந்தால் மன்னிப்பு போய்விடும். அடுத்த ஆர்டரின் அட்டவணையைப் பேசும்போது அதைத் தனியாகச் சொல்லலாம். வெள்ளம், வேலைநிறுத்தம் போன்றவற்றால் வரும் தாமதத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆனால் உடனே தெரிவிக்கும் பொறுப்பு அப்போதும் நம்முடையதுதான்.

பெரிய ஒப்பந்தங்களில் சட்டப் பக்கமும் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, குறித்த காலம் ஒப்பந்தத்தின் உயிராக இருந்து அது தவறினால், எதிர்த் தரப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியும். தாமதமான சரக்கை ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப்போவதாக அறிவித்தால்தான் பிறகு அந்தத் தாமதத்துக்காக இழப்பீடு கோரலாம். தாமதத்துக்கு அபராதத் தொகை எழுதியிருக்கும் ஒப்பந்தம் என்றால், செய்தியை வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகு அனுப்புவது நல்லது. அவர் பெரும்பாலும் தொகை பற்றிய வரிகளைத்தான் திருத்துவார். தேதிகளும் நடந்த உண்மைகளும் அப்படியே இருக்கலாம்.

செய்தி போன பிறகு வேலை முடிவதில்லை. இன்றிரவு நேவியும் பச்சையும் ஏறியதும் லாரி ரசீதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். 8ஆம் தேதி தையல் முடிந்தது என்று ஒரு வரி, 9ஆம் தேதி இரவு இரண்டாவது லாரி ரசீது. கடைக்காரர் ஒரு தடவைகூட ‘என்னாச்சு?’ என்று கேட்க நேராமல் மெரூன் சரக்கு கடைக்குள் போனால், கேட்ட மன்னிப்பு நிறைவேறிவிட்டது என்று பொருள்.