எந்தப் பின்னத்திலும் ஒரு முக்கோணம்

செங்கோண முக்கோணம் என்றதும் கணக்கு வாத்தியார்களின் பேனா 3, 4, 5-க்குத்தான் போகும். அது அலுத்தால் 5, 12, 13. மூன்று பக்கமும் முழு எண்ணாக இருக்க வேண்டும், மாணவர்கள் மனப்பாடம் செய்யாத எண்களாகவும் இருக்க வேண்டும் என்றால் எங்கே போய்த் தேடுவது? தேடவே வேண்டாம். ஒன்றைவிடச் சிறிய ஒரு பின்னம் கையில் இருந்தால் போதும்.

3, 4, 5 ஆகிய பக்கங்களைக் கர்ணமான 5-ஆல் வகுத்துப் பாருங்கள். 3/5, 4/5 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 1. அப்படியென்றால் (3/5, 4/5) என்ற புள்ளி, ஆரம் 1 உள்ள வட்டத்தின் மேல் இருக்கிறது. முழு எண் முக்கோணம் தேடுவதும், அந்த வட்டத்தில் இரு ஆயங்களும் பின்னமாக உள்ள புள்ளியைத் தேடுவதும் ஒரே வேலைதான்.

அப்படி ஒரு புள்ளி ஏற்கெனவே நம்மிடம் உண்டு: வட்டத்தின் இடக்கோடி, (−1, 0). அங்கிருந்து t என்ற சாய்வில் ஒரு கோடு இழுப்போம். அதன் சமன்பாடு y = t(x+1). வட்டத்தின் சமன்பாடு y² = 1 − x². இரண்டையும் சேர்த்தால்

t²(1+x)² = (1−x)(1+x)

இரு பக்கமும் (1+x) இருக்கிறது. அது நாம் புறப்பட்ட இடக்கோடியைக் குறிப்பது, அதை அடித்துவிடலாம். மிஞ்சுவதில் x-க்கு வர்க்கமே கிடையாது, ஆகவே வர்க்கமூலம் எடுக்கும் தொல்லையும் இல்லை:

x = (1−t²)/(1+t²), y = 2t/(1+t²)

t பின்னமானால் x, y இரண்டும் பின்னம்தான். பதினோராம் வகுப்பில் முக்கோணவியல் படித்தவர்களுக்கு இவை பழகிய முகங்கள். Cos θ, sin θ இரண்டையும் tan(θ/2) கொண்டு எழுதும் சூத்திரங்கள். ஒரு வில் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல மையத்தில் தாங்கும் கோணம் இருமடங்கு அல்லவா? மையத்தில் θ என்றால் இடக்கோடியில் θ/2. அதன் tan மதிப்புதான் நம் சாய்வு t.

t = n/m என்று வைத்துக்கொண்டால் பக்கங்கள் m²−n², 2mn, m²+n². 4/7 எடுத்தால் 49−16 = 33, 2×28 = 56, 49+16 = 65. சரிபார்க்க: 1089 + 3136 = 4225, அதாவது 65². ஒரே ஒரு எச்சரிக்கை. சுருக்கிய பின்னத்தின் மேலும் கீழும் ஒற்றைப்படை எண்கள் இருந்தால் மூன்று பக்கமும் இரட்டைப்படையாக வந்துவிடும். 1/3 தருவது 8, 6, 10; பாதியாக்கினால் பழைய 4, 3, 5.

இந்த வலையில் சிக்காத முக்கோணம் உண்டா? இல்லை. எதைக் கொடுத்தாலும் அதன் t-ஐத் திருப்பி எடுக்கலாம், ஏனென்றால் t = y/(1+x). கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ‘பிளிம்ப்டன் 322’ என்ற பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது, வயது சுமார் 3800 ஆண்டுகள். அதன் நான்காம் வரிசையில் ஒரு பக்கம் 12709, கர்ணம் 18541. மற்றப் பக்கம் 13500 என்று கணக்கிடலாம். t = 13500/(18541+12709) = 13500/31250 = 54/125. அவ்வளவு பெரிய எண்களுக்குள் இருந்தது இந்தச் சின்னப் பின்னம். அதை எழுதியவர் இதே வழியில்தான் போனார் என்று சொல்ல முடியாது. அதுபற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

t-ஐ நாமே தேர்ந்தெடுப்பதால் கோணமும் ஓரளவு நம் கையில். சமபக்கச் சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டியது போல 45° வேண்டுமா? அதற்கு t = tan 22.5° = √2 − 1 ஆக வேண்டும். அது பின்னமல்ல, எனவே இரு பக்கமும் சமமான முழு எண் செங்கோண முக்கோணம் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் பக்கத்தில் போகலாம். n/m-இலிருந்து n/m-க்குப் பதில் m/(2m+n) என்று எழுதிக்கொண்டே போனால் 1/2, 2/5, 5/12, 12/29 என்று √2 − 1-ஐ நெருங்கும் பின்னங்கள் வரும். அவை தரும் முக்கோணங்கள் 3, 4, 5. 21, 20, 29. 119, 120, 169. 697, 696, 985. ஒவ்வொன்றிலும் இரு சிறு பக்கங்களின் வித்தியாசம் ஒன்றே ஒன்று. கடைசி முக்கோணத்தில் சிறிய கோணம் சுமார் 44.96°. அடுத்தது 29/70, அதன் பக்கங்கள் 4059, 4060, 5741.