பூனைக்கு ஏன் பட்டினி?

எங்கள் உத்திரமேரூர் வீட்டுப் பூனைக்கு வயது 10. வாயில் துர்நாற்றம் வீசியது. ஒரு பக்கமாகவே மென்றது. பல்லில் காரை படிந்து ஈறு புண்ணாகியிருப்பதாகக் கால்நடை மருத்துவர் கூறினார். ஈறுக்கு அடியிலும் சுரண்ட வேண்டுமாதலால் மயக்க மருந்தின்றி இயலாது.

மயக்கத்தில் விழுங்கும் உணர்வு இராது. அப்போது வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே முதல்நாள் இரவு 12 மணிக்குமேல் உணவு கூடாது, பாலும் உணவே, தண்ணீர் மட்டும் காலைவரை வைக்கலாம் என்றார். குட்டிகளுக்கு இவ்வளவு நேரப் பட்டினி ஆகாதாம். நாங்கள் தட்டை எடுத்தோம். கதவைச் சாத்த மறந்தோம். விடியலில் பூனை எலியைத் தின்றுகொண்டிருந்தது! மறைக்காமல் சொன்னோம், சிகிச்சை தள்ளிப்போயிற்று.

மயக்க மருந்தை உடலிலிருந்து அகற்றுபவை கல்லீரலும் சிறுநீரகமும். வயதான பூனையின் சிறுநீரகக் கோளாறு தொடக்கத்தில் வெளியே தெரியாது. அதனால் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்த்தார். சற்றுக் கூடுதலாக இருந்தது. அதற்கேற்ப மருந்தைத் தேர்ந்து, இரத்தக்குழாய் வழியே திரவமும் ஏற்றினார்.

மாலையில் தள்ளாடியபடி வீடு வந்தது. உயரத்தில் ஏறவிடாமல், துணி போர்த்திக் கதகதப்பாக வைத்தோம். நன்கு தெளிந்தபின் சிறிது மீன்சோறு தின்றது. மறுநாளும் உண்ணாதிருந்தால் மருத்துவரிடம் உடனே திரும்ப வேண்டும்.