இந்த முறை எங்கள் வீட்டில்

தம்பி வீட்டுப் பால் காய்ப்பு முடிந்து நாலு நாள் கழித்து ஒரு படத்தை அனுப்பியிருந்தான். "அக்கா, ஸ்டேட்டஸ்ல போடணும். கீழ ஒரு வரி எழுதிக் குடுக்கா. பெருமையா இருக்கணும், ஆனா பீத்திக்கிற மாதிரி இருக்கக் கூடாது" என்று ஒரு குறிப்பு வேறு. புதுமனை புகுவிழாப் படம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இருக்கும் சிக்கல்தான் இது. கட்டி முடித்த களைப்பும் கடனும் மகிழ்ச்சியும் ஒன்றாகக் கிடக்கும்போது கைக்கு வருவது யாரோ எழுதிவைத்த வரிதான்.

அவன் எழுதிப் பார்த்த வரியையும் அனுப்பியிருந்தான்: "எங்கள் கனவு இல்லம் நனவானது. இறைவனுக்கும் பெற்றோருக்கும் உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவருக்கும் நன்றி." இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதை எந்த வீட்டுப் படத்துக்குக் கீழேயும் ஒட்டலாம். 'கனவு இல்லம்' என்ற சொல் மனை விற்கும் விளம்பரத்திலிருந்து அரசு வீட்டுத் திட்டத்தின் பெயர் வரை புழங்கித் தேய்ந்துவிட்டது. 'அனைவருக்கும்' என்றால் யாருக்கும் அது தனக்குச் சொன்னதாகப் படாது. பேர் பேராக நன்றி சொல்லப் போனாலோ வேறு வம்பு. பட்டியலில் விட்டுப்போன பெரியப்பாவுக்கு அடுத்த விசேஷம் வரை பதில் சொல்ல வேண்டும். அதோடு, நம் வீடுகளில் அம்மாவிடம் 'நன்றி' என்று யார் சொல்கிறார்கள்? அச்சில் அந்தச் சொல் வந்தால் அம்மா விருந்தாளி ஆகிவிடுகிறாள்.

அதனால் வரியை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தேன். விடியாத நேரம். அடுப்படிச் சுவரில் பிரைமர் மட்டும்தான் அடித்திருக்கிறது. அம்மா கரண்டியோடு குனிந்திருக்கிறாள். பால் பொங்கிப் பாத்திரத்தின் ஒரு பக்கமாக வழிகிறது. தம்பியும் அவன் மனைவியும் ஓரமாக நிற்கிறார்கள், பாலைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தபடி. பால் பொங்குவதைப் பார்ப்பவர் கண் அறியும். அதை எழுத வேண்டியதில்லை. படத்தில் தெரியாத ஒன்றைத்தான் வரி சொல்ல வேண்டும்.

தெரியாதது என்ன என்று யோசித்தேன். வாடகை வீட்டுக்குக் குடி போகும்போதும் பால் காய்ச்சித்தான் போவோம். பெரிய விழா கிடையாது. சாமி படம், குடத்தில் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி, கால் லிட்டர் பால். நாங்கள் மதுரையில் ஏழு வீடு மாறியிருக்கிறோம் என்பது என் கணக்கு. ஏழிலும் பால் காய்ச்சியது அம்மா. அப்படியே எழுதினேன்:

"எட்டாவது முறையாக அம்மா பால் காய்ச்சுகிறார். இந்த முறை எங்கள் வீட்டில்."

இதில் நன்றி என்ற சொல்லும் இல்லை, பெருமை என்ற சொல்லும் இல்லை. நன்றி 'எட்டாவது முறையாக' என்பதில் இருக்கிறது. பெருமை 'இந்த முறை' என்பதில் இருக்கிறது. எண் ஒன்று, ஆள் ஒருவர், செயல் ஒன்று. எழுத உட்காரும்போது இந்த மூன்றையும் தேடிப் பிடித்தால் பெயரடைகளுக்கு வேலை இருக்காது. எல்லா எண்ணும் இதற்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை சதுர அடி, எத்தனை லட்சம், எத்தனை மாதத்தில் முடித்தோம் என்பவை பார்ப்பவரைத் தன் நிலையோடு ஒப்பிட வைக்கும். எத்தனை வாடகை வீடு என்பது அவரையும் தன் வீடுகளை எண்ண வைக்கும்.

தம்பிக்கு ஒரு சந்தேகம். "எங்கள் வீடா, நம்ம வீடா? என் வீடுன்னு போடலாமா?" நல்ல கேள்வி. ஒற்றைப் பிள்ளைகூட 'எங்க அம்மா', 'எங்க வீடு' என்றுதான் பேசுகிற மொழி இது. 'என் வீடு' என்று அச்சில் வந்தால் பத்திரம் யார் பேரில் என்ற நினைப்பு வரும். பக்கத்தில் நிற்கும் மனைவி பாதித் தவணை கட்டுபவளாக இருந்தால் அது பொய்யும்கூட. 'நம்ம வீடு' என்பது படிப்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சொந்தக்காரர் குழுவில் அதைப் போடலாம், அழைப்பு போலவே ஆகும். அலுவலகத்தார் பார்க்கும் இடத்தில் 'எங்கள்' போதும்.

வினைச்சொல்லும் அப்படியே. 'கட்டினேன்' என்றால் செங்கல்லைத் தூக்கியவர் கேட்டால் சிரிப்பார். 'கட்டினோம்' கொஞ்சம் தணிந்தது. 'வீடு அமைந்தது' என்பது இன்னும் பணிவு. வரன் அமைந்தது, வேலை அமைந்தது என்பதுபோல நம் கைக்கு மீறிய ஒன்றும் கூடிவந்தது என்று அது ஒத்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பணிவுக்கும் ஓர் அளவு வேண்டும். தம்பி மனைவியின் வளையல்கள் இன்னும் அடகில் இருக்கின்றன. 'அமைந்தது' என்று எழுதினால் அவை வானத்திலிருந்து விழுந்த வீடாக்கிவிடும். அதனால்தான் நான் எழுதிய வரியில் வீட்டைப் பற்றிய வினையே வைக்கவில்லை. (அடுக்குமாடியில் வாங்கியவர்கள் 'கட்டினோம்' என்று எழுதாமல் இருப்பது நல்லது.)

இன்னொன்று, எழுத்துப் பிழை. முக்கால்வாசிப் பேர் 'கிரகப்பிரவேசம்' என்றே எழுதுகிறோம். கிருகம்தான் வீடு, கிரகம் என்றால் செவ்வாய், புதன். கிருகப்பிரவேசம் என்று எழுதலாம்; இல்லை, பால் காய்ப்பு என்று எங்கள் பக்கம் சொல்வதுபோலவோ, குடிபூரல் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வதுபோலவோ வீட்டில் பேசும் சொல்லையே போட்டுவிடலாம்.

அதே ஆல்பத்தில் எனக்கு அதைவிடப் பிடித்த படம் ஒன்று இருந்தது. புது வேட்டியும் துண்டும் வாங்கிக்கொண்டு நிற்கும் மேஸ்திரி, நிலை வைத்த ஆசாரி, புடவையை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கும் சித்தாள் அக்கா. தம்பி 'எங்கள் தொழிலாளர்கள்' என்று எழுதி வைத்திருந்தான். அந்த 'எங்கள்' வேறு 'எங்கள்'. அதை அடித்துவிட்டு, "எங்களுக்கு முன்பே இந்த வீட்டுக்குள் வந்தவர்கள்" என்று மாற்றி, அடுத்து மூவர் பெயரையும் அவர்களிடம் கேட்டே போடச் சொன்னேன்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். ஆல்பம் நிற்கும். அதற்கு நாள், ஊர், படத்தில் இருப்பவர் பெயர் எல்லாம் வேண்டும். பளபளப்பான படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும். மை அடுத்த படத்திலும் ஒட்டும். ஆல்பத் தாளின் ஓரத்தில் எழுதுவதே சுலபம். ஸ்டேட்டஸில் மாறாக, கதவு எண்ணும் தெருப் பலகையும் படத்தில் விழாமல் வெட்டிவிடுவது நல்லது.

போடுவதற்கு முன் வரியை அம்மாவிடம் படித்துக் காட்டச் சொல்லியிருந்தேன். அவளைப் பற்றிய வரி, அவளுக்குத் தெரியாமல் போகக் கூடாது. அன்று சாயங்காலம் அம்மாவே கூப்பிட்டாள்.

"எட்டு இல்லடி, ஒம்பது. நீ பிறக்கிறதுக்கு முன்னாடி பொன்மேனியில இருந்தோம்ல. அங்க பால் திரிஞ்சு போச்சு. மறுபடி வாங்கிட்டு வந்து காய்ச்சுனேன்."

தம்பி எட்டை ஒன்பதாக்கிப் போட்டான்.