பச்சை டிக் வந்துச்சு, பணம் வரல: ஒரு டாக்சி டிரைவரோட 480 ரூபாய்

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்னக் கதையில ஆரம்பிக்குது. கதை நான் கட்டினதுதான். ஆனா இதுல வர்ற ஒவ்வொரு படியும் நம்ம யூபிஐ சிஸ்டத்துல நிஜமா நடக்கக்கூடியது.

2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, ராத்திரி பதினொன்றரை மணி. சென்ட்ரல் ஸ்டேஷன்ல ஏறின ஒரு பையன் வேளச்சேரியில இறங்குறான். ஆப்ல புக் பண்ணின வண்டி, கட்டண முறை "கேஷ்". மீட்டர் 480 ரூபாய்.

"அண்ணா, கையில கேஷ் இல்ல. வாலட்ல இருந்து போடட்டுமா?"

"போடுப்பா. முன்னாடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாரு."

பையன் ஸ்கேன் பண்றான், பின் நம்பர் போடுறான். ஸ்க்ரீன் ஒரு சுத்து சுத்துது, அப்புறம் பச்சை டிக். போனைத் திருப்பிக் காட்டுறான். டிரைவர் அண்ணன் தன் போனைப் பார்க்கிறார். எஸ்எம்எஸ் வரல. "நெட்வொர்க் ஸ்லோவா இருக்கும்ணா, வந்துடும்." டிக்கைத்தான் கண்ணால பார்த்தாச்சே, மேல என்ன கேட்க? பையன் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

காலையில வரல. சாயங்காலமும் வரல. ஒரு வாரம் கழிச்சும் வரல.

இதைக் கேட்டதும் நம்மில் பாதிப் பேர், "பையன் ஏமாத்திட்டான், அது டுபாக்கூர் ஆப்"னு முடிவு கட்டிடுவோம். அப்படிப்பட்ட ஆப்கள் இருக்கு. பேரையும் தொகையையும் டைப் பண்ணினா அச்சு அசல் அதே டிக், அதே சத்தம் வரும். ஆனா நம்ம கதையில பையன் யோக்கியன். அவன் வாலட்ல 480 ரூபாய் நிஜமாவே கழிஞ்சது. யாரும் திருடல, எந்தக் கம்பெனியும் விதியை மீறல. அப்படியும் டிரைவருக்குப் பணம் வரல. எனக்கு இந்தக் கேஸ்தான் சுவாரஸ்யம்.

அந்த ஒரு சுத்து சுத்தின நேரத்துல என்ன நடந்ததுன்னு மெதுவா பார்க்கலாம். பையனோட வாலட்டும் டிரைவரோட பேங்க் கணக்கும் வேற வேற நிறுவனங்கள். நடுவுல என்பிசிஐ நடத்துற யூபிஐ சுவிட்ச் இருக்கு. அது முதல்ல வாலட் கம்பெனிகிட்ட "480 கழி"ன்னு சொல்லுது. "கழிச்சாச்சு"ன்னு பதில் வருது. அடுத்து டிரைவரோட பேங்க்கிட்ட "இந்தக் கணக்குல 480 ஏத்து"ன்னு சொல்லுது. இங்கதான் சிக்கல். பேங்க்கிட்ட இருந்து, குறிச்ச நேரத்துக்குள்ள பதிலே வரல. "ஆச்சு"ன்னும் இல்ல, "முடியாது"ன்னும் இல்ல.

சர்வர் பக்கம் கோடு எழுதுற யாருக்கும் இந்த இடம் தெரியும். பதில் வரலன்னா வேலை நடக்கலன்னு அர்த்தம் இல்ல. பேங்க் பணத்தை ஏத்திட்டு, அதுக்கப்புறம் பதில் வழியில தொலைஞ்சிருக்கலாம். இல்ல, கோரிக்கையே போய்ச் சேராம இருந்திருக்கலாம். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சுவிட்ச் அவசரப்பட்டு "ஃபெயில்"னு சொல்லி பையனுக்குத் திருப்பிக் கொடுத்தா, ஒருவேளை டிரைவருக்கும் ஏறியிருந்தா, 480 ரூபாய் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கும். பேங்குகளுக்கு நடுவுல அந்த ஓட்டையை யாரும் விட மாட்டாங்க.

அதனால யூபிஐல மூணாவதா ஒரு நிலை இருக்கு. அதோட பேர் `DEEMED`. "நடந்ததா வச்சுக்குவோம்"னு அர்த்தம். பையன் கணக்குல கழிச்சது கழிச்சபடியே இருக்கும். பேங்குகளுக்கு இடையே கணக்கு தீர்க்கும்போது அந்த 480 டிரைவரோட பேங்குக்குப் போயிடும். அந்த பேங்க் தன் புத்தகத்தைப் பார்த்து ரெண்டுல ஒண்ணு சொல்லணும்: "வாடிக்கையாளர் கணக்குல ஏத்தியாச்சு", இல்லன்னா "ஏத்தல, திருப்பி அனுப்புறேன்".

இந்த இடைப்பட்ட நேரத்துல பையனோட போன் என்ன காட்டணும்? ஆப்புக்கு ஆப் இது மாறும். சிலது "ப்ராசஸிங்"னு காட்டும். சிலது டிக் போட்டுடும். என்னைக் கேட்டா அந்த டிக்ல ஒரு வார்த்தைப் பிழை இருக்கு. "உங்க கணக்குல இருந்து போயாச்சு"ன்னு எழுத வேண்டிய இடத்துல "வெற்றி"ன்னு எழுதுறாங்க. பையனைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனா அதைப் படிச்சு நம்புறது டிரைவர்.

இப்ப ஜூன் 11. டிரைவரோட பேங்க் சரிபார்க்குது, நேத்து ராத்திரி அந்த 480 ஏறலன்னு கண்டுபிடிக்குது. அது என்ன செய்யணும்னு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல ஒரு சுற்றறிக்கையில சொல்லியிருக்கு. யூபிஐல அனுப்பினவர் கணக்குல கழிஞ்சு, பெறுபவர் கணக்குல ஏறலன்னா, மறுநாளுக்குள்ள பணம் தானாகவே அனுப்பினவருக்குத் திரும்பணும். தாமதமானா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாலட்ல இருந்து யூபிஐ வழியா போனாலும் இதே விதிதான். டிரைவரோட ஸ்டிக்கர் அவர் சொந்தக் கணக்குக்கானது. கடைகளுக்குக் கொடுக்கிற வணிகர் க்யூஆரா இருந்திருந்தா, மறுநாளுக்குப் பதிலா ஐந்து நாள் அவகாசம்.

பேங்க் விதிப்படி நடந்துகிட்டது. ஜூன் 11 மதியம் 480 ரூபாய் பையனோட வாலட்டுக்குத் திரும்பிடுச்சு. தாமதமே இல்ல, அதனால இழப்பீடும் இல்ல. சிஸ்டத்தோட பார்வையில இந்தப் பரிவர்த்தனை அழகா முடிஞ்சிடுச்சு.

டிரைவருக்கு? அவர்கிட்ட யாரும் எதுவும் சொல்லல. சொல்றதுக்கு அவர் பக்கம் எதுவும் நடக்கவே இல்லையே. யோசிச்சுப் பாருங்க, யூபிஐ ஆப்ல புகார் கொடுக்கணும்னா என்ன செய்வோம்? ஹிஸ்டரிக்குப் போய், அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டு, "உதவி"ன்னு அழுத்துவோம். டிரைவர் ஹிஸ்டரியில அந்த வரியே இல்ல. எதைத் தொடுவார்? திருப்பிக் கொடுக்கிற விதி முழுக்க, பணம் கழிஞ்ச ஆளைக் காப்பாத்த எழுதினது. வண்டி ஓட்டி முடிச்சவர் அந்தப் படத்துலயே இல்ல.

இதுல இன்னொரு குத்து: ட்ரிப் "கேஷ்"னு பதிவானதால, டாக்சி ஆப் கணக்குல அவர் 480 ரூபாய் வாங்கிட்டார். கமிஷன் முறையில ஓடுற வண்டின்னா, வராத பணத்துக்கும் கமிஷன் கழியும்.

சரி, அவர் கையில என்ன ஆயுதம் இருக்கு? ஒரே ஒரு எண். பையனோட ஸ்க்ரீன்ல டிக்குக்குக் கீழ, சில ஆப்கள்ல ரெண்டு தட்டு தட்டினா, `UTR`னு போட்டு 12 இலக்க எண் இருக்கும். அதே எண்ணை வச்சுத்தான் சுவிட்ச், வாலட், பேங்க் மூணும் இந்தப் பரிவர்த்தனையைத் தேடும். டிரைவர் அதை எழுதி வச்சிருந்தா, தன் பேங்க்ல கொடுத்துக் கேட்கலாம். பதிலை வச்சே கேஸ் பிரிஞ்சிடும். அப்படி ஒரு எண் எங்களுக்கு வரவே இல்லைன்னு சொன்னா, ஒண்ணு அது டுபாக்கூர் ஸ்க்ரீன், இல்லன்னா பணம் வேற யாரோ கணக்குக்குப் போயிருக்கு. ராத்திரியோட ராத்திரியா நம்ம ஸ்டிக்கர் மேல வேற ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போற ஆட்களும் இருக்காங்க. எண் இருக்கு, திருப்பி அனுப்பிட்டோம்னு சொன்னா நம்ம கதை. எண் இருக்கு, ஏத்திட்டோம்னு சொன்னா, இன்னும் பழைய கணக்கையே ஸ்டிக்கரோட இணைச்சு வச்சிருக்காரான்னு பார்க்கணும்.

அந்த எண்ணை அங்கேயே ஓரளவு எடை போடவும் ஒரு வழி இருக்கு. பெரும்பாலும் முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி இலக்கம், அடுத்த மூணு இலக்கம் அந்த வருஷத்துல எத்தனையாவது நாள்ங்கறது. 2025 ஜூன் 10 அந்த வருஷத்தோட 161-வது நாள். அப்போ எண் 5161-ல ஆரம்பிக்கணும். வேற மாதிரி ஆரம்பிச்சா சந்தேகப்படலாம். சரியா ஆரம்பிச்சா நிஜம்னு அர்த்தம் இல்ல, ஏமாத்துறவனுக்கும் காலண்டர் பார்க்கத் தெரியும். நம்ம கேஸ்ல 5161 சரியாவே இருந்திருக்கும், பணம்தான் வந்திருக்காது.

எண் கையில இருந்தாலும் கடைசிப் படி பையன்கிட்டதான் இருக்கு. அவன் மறுபடி அனுப்பினாதான் டிரைவருக்குப் பணம். ட்ரிப் முடிஞ்சதும் பயணியோட நம்பரை டாக்சி ஆப் பொதுவா மறைச்சிடும். அதனால டிரைவர் அந்த ஆப்போட உதவி மையத்துல ட்ரிப் விவரம், தொகை, 12 இலக்க எண் மூணையும் சேர்த்துக் கொடுக்கணும். பயணியைத் தொடர்பு கொள்ள முடியுறது அவங்களால மட்டும்தான். ரோட்டுல கை காட்டி ஏறின பயணியா இருந்தா அந்த வழியும் இல்ல.

"சவுண்ட் பாக்ஸ் வச்சா போதுமா ப்ரோ?"ன்னு கேட்பீங்க. நல்ல யோசனைதான். அது பயணி போனைக் கேட்டுப் பேசாது. டிரைவரோட பேமென்ட் கம்பெனி சர்வர் சொன்னாதான் பேசும், அதுக்குன்னு தனி சிம் இருக்கும். டுபாக்கூர் ஸ்க்ரீனுக்கு அது வாயே திறக்காது. ஆனா ஓடுற வண்டியில சிக்னல் இல்லாத இடத்துல, பணம் வந்தும் அது பேசாம இருக்கும். பெட்டி பேசலன்னா உடனே பயணியைத் திட்டாம, தன் ஆப்பைத் திறந்து ஹிஸ்டரியில வரி விழுந்திருக்கான்னு பார்க்கணும். அதுவும் இல்லன்னா ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லி, எண்ணை எழுதிக்கிட்டு, பயணியோட நம்பரையும் நேரடியா கேட்டு வாங்கிக்கணும். "தம்பி, நாளைக்கு உனக்குத் திரும்பி வந்தா எனக்குப் போட்டுடுப்பா"ன்னு சொன்னா, நிறைய பேர் போட்டுடுவாங்க.

இப்ப பின் சீட்டுல உட்கார்றவங்களுக்கு, அதாவது இதைக் கேட்கிற நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு. நீங்க பணம் போட்டு, "இன்னும் வரலப்பா"ன்னு டிரைவர் சொன்னா, மறுநாள் சாயங்காலம் வாலட்டைத் திறந்து பாருங்க. திரும்பி வந்த பணத்துக்குப் பல நேரம் பெருசா அறிவிப்பே வராது. ஸ்டேட்மெண்ட்ல `Reversal`னோ `Refund`னோ அதே தொகை ஒரு வரியா கிடக்கும். நம்ம கதையில வர்ற பையன் அதைப் பார்க்கவே இல்ல. அந்த 480 ரூபாய் அவன் வாலட்லயே இருந்து, அடுத்த வாரம் பிரியாணி ஆர்டர்ல கரைஞ்சது.