சிலந்திச் சீட்டை எடுத்தால்

உணவு வலையைச் சொல்லித்தரும் சீட்டு விளையாட்டுகள் பலவற்றில் ஒரே விதிதான் இருக்கும். ஒரு சீட்டை எடுத்துவிட்டால், அதைத் தின்று வாழ்ந்த சீட்டும் போய்விடும். புல் போனால் மான் போகும், மான் போனால் புலி போகும். இது தப்பில்லை, ஆனால் பாதிதான். தின்னும் உயிர் போனால் தின்னப்படும் உயிர் என்ன ஆகும் என்பதை இந்த விதி காட்டவே காட்டாது. அதைக் காட்டச் சீட்டுகளோடு எண்ணிக்கையும் வேண்டும். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும்.

நெல் வயலையே எடுத்துக்கொள்வோம். நெல், வைக்கோல் மட்கு, பாசி, சேற்றில் வளரும் கடிக்காத சிறு கொசு, புகையான், இலைச்சுருட்டுப் புழு, சிலந்தி, தட்டான், தவளை, எலி, சாரைப்பாம்பு, கூகை என்று பன்னிரண்டு சீட்டுகள். அட்டையில் பிள்ளைகளே வரையலாம். தரையில் பரப்பி, சாக்பீஸால் அம்புக்குறி போட வேண்டும். இங்கேதான் பெரும்பாலும் தடுமாறுவார்கள். பாம்பிலிருந்து எலிக்கு அம்பு விடுவார்கள். அம்பு காட்டுவது உணவு போகும் திசையை. ‘யார் வயிற்றுக்குப் போகிறது?’ என்று கேட்டால் தானாகத் திருத்திக்கொள்வார்கள்.

முதல் ஆட்டத்துக்கு நெல், புகையான், சிலந்தி ஆகிய மூன்று மட்டும் போதும். புகையான் நெல் தூரின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. முற்றினால் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்தது போலக் காய்ந்துவிடும். புகையான் சீட்டில் நான்கு கொட்டை, சிலந்திச் சீட்டில் நான்கு கொட்டை. ஒவ்வொரு சுற்றிலும் புகையான் இரண்டு மடங்காகும். பிறகு ஒரு சிலந்திக் கொட்டை ஒரு புகையான் கொட்டையைத் தின்னும். இரை கிடைக்காத சிலந்தி வெளியே போகும். புகையான் முப்பதைத் தாண்டினால் நெல் சீட்டைக் கவிழ்க்க வேண்டும்.

நான்கு எட்டாகும், சிலந்தி நான்கைத் தின்னும், மீண்டும் நான்கு. எத்தனை சுற்று ஆடினாலும் இப்படியே போகும். இப்போது மருந்தடிக்கலாம். மருந்து சிலந்தியை முழுதாகக் கொன்றுவிடுகிறது, புகையானில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறது என்று கொள்வோம். இது கற்பனைக் கணக்கானாலும் அடிப்படை உண்மை: புகையான் முட்டைகளை இலை உறைக்குள் செருகி வைப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். அந்த ஒன்று 2, 4, 8, 16, 32 என்று ஏறி ஐந்தாம் சுற்றில் நெல்லைக் கவிழ்த்துவிடும். மருந்தடித்த பிறகு பூச்சி கூடியது என்பதைப் பிள்ளைகள் தங்கள் விரலாலேயே எண்ணிப் பார்ப்பார்கள்.

இந்தோனேசியாவில் நடந்தது இதுதான். மானிய விலையில் மருந்து கிடைத்ததால் விவசாயிகள் தாராளமாகத் தெளித்தார்கள். புகையான் மறுபடி மறுபடி பெருகியது. 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. பின்னர் மானியத்தையும் நிறுத்தியது.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது ஆட்டம். யாரும் மதிக்காத சிறு கொசுச் சீட்டுதான் இதில் எடுபடுகிறது. நட்ட புதிதில் வயலில் புகையான் இல்லை. சிலந்தி எதைத் தின்றது? ஜாவாவின் வயல்களை ஆராய்ந்த வில்லியம் செட்டிலும் கூட்டாளிகளும் 1996-இல் இதற்கு விடை எழுதினார்கள்: மட்கையும் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்களையும் தின்னும் இந்தச் சிறு பூச்சிகள் பருவத் தொடக்கத்தில் ஏராளமாகப் பெருகி, சிலந்தி முதலியவற்றுக்குச் சோறு போடுகின்றன. பிறகு அவை குறைகின்றன. வயலில் மட்கும் பொருளைக் கூட்டியபோது அவை கூடின. அவற்றைத் தின்பவையும் கூடின.

ஆகவே கொசு நான்கு, சிலந்தி நான்கு என்று தொடங்குவோம். முதல் ஆட்டத்தின் கணக்குதான். இரண்டு சுற்றுக்குச் சமமாக நிற்கும். மூன்றாம் சுற்றில் கொசுச் சீட்டு ஒதுங்க, நான்கு கொட்டையோடு புகையான் வரும். சிலந்தி காத்திருக்கிறது, நெல் பிழைக்கிறது. அடுத்த முறை கொசுச் சீட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். முதல் சுற்றிலேயே சிலந்தி பட்டினியால் போகும். புகையான் வந்தால் 8, 16, 32. வந்த மூன்றாம் சுற்றில் நெல் கவிழும். கொசுவுக்கும் நெல்லுக்கும் இடையே ஓர் அம்புகூட இல்லை என்பதைப் பிள்ளைகளே சுட்டிக்காட்டட்டும்.

சீட்டை எடுக்கும் முன் ‘எது கூடும், எது குறையும்?’ என்று எழுதிவைக்கச் சொல்வது அவசியம். எல்லாமே அழியும் என்று எழுதும் பிள்ளைக்கு அம்பு புரிந்திருக்கிறது, எண்ணிக்கை இன்னும் புரியவில்லை. விளையாட்டுக்கும் எல்லை உண்டு. நிஜச் சிலந்தி ஒரு நாளில் பல பூச்சிகளைப் பிடிக்கும், மற்ற சிலந்திகளையும் தின்னும். குஞ்சுகள் நூலில் தொங்கிக் காற்றில் பறந்து வந்து வெற்று வயலில் மீண்டும் குடியேறும். இந்தக் கடைசிச் செய்தியை விதியாகச் சேர்க்கலாம்: மருந்தடித்த பின் சுற்றுக்கு ஒரு சிலந்திக் கொட்டை வரப்பிலிருந்து வரட்டும். எத்தனையாவது சுற்றில் வரத் தொடங்கினால் நெல் தப்பும் என்பதைப் பிள்ளைகள் ஆடிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.