கோதுமை அல்வா: நெய், பாகு, கிளறும் நேரம்

கோதுமை அல்வா என்பது ஊறவைத்து அரைத்த கோதுமையிலிருந்து பிழிந்தெடுத்த பாலைச் சர்க்கரைப் பாகும் நெய்யும் சேர்த்துக் கிளறிச் சுண்ட வைக்கும் இனிப்பு ஆகும். திருநெல்வேலியில் இது பெயர்பெற்றது. தாமிரபரணித் தண்ணீர்தான் அதன் சுவைக்குக் காரணம் என்று அவ்வூரில் பெருமையாகச் சொல்வதுண்டு. தண்ணீரின் பங்கு எதுவானாலும், வீட்டில் செய்யும் அல்வா சேர்ந்து வராமல் கூழாக நிற்பதற்கும், ஆறியபின் ரப்பர்போல் இறுகுவதற்கும் காரணம் பெரும்பாலும் அடுப்படியிலேயே இருக்கிறது.

சேர்மானம் எதனால் வருகிறது

அல்வாவை இறுக்கிப் பிடிப்பது நெய் என்று பலரும் கருதுகின்றனர். அது சரியன்று. கோதுமைப் பாலில் உள்ள மாவுச்சத்துதான் அல்வாவின் உடல். மாவுச்சத்தின் சிறு மணிகள் தண்ணீரில் சூடாகும்போது, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசை ஒட்டி, நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகின்றன. அந்தக் கூழிலிருந்து நீர் வெளியேற வெளியேற, அது சர்க்கரையைத் தன்னுள் பிடித்துக்கொண்டு துண்டு போடத்தக்க களியாகிறது. நெய் அந்தக் களிக்கு வழவழப்பும் மணமும் தருகிறது. பாத்திரத்தில் ஒட்டாமல் காக்கிறது.

இதற்குச் சான்று தூத்துக்குடி மாவட்டத்து முதலூரின் மஸ்கோத் அல்வா. மைதாவிலிருந்து எடுத்த பாலும் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து அதைக் கிளறுவார்கள். நெய் இல்லாமலே அது நன்றாகத் துண்டு நிற்கிறது.

ரவா லட்டில் நிலைமை வேறு. வறுத்த ரவை அங்கே கூழாவதில்லை. சூடாக ஊற்றிய நெய் ஆறி உறைவதால்தான், அல்லது பாகு ஊற்றிச் செய்தால் அந்தப் பாகு இறுகுவதால்தான், உருண்டை நிற்கிறது. லட்டு உதிர்ந்தால் இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவது சரியான வைத்தியம். அதே வைத்தியத்தை இளகிய அல்வாவுக்குச் செய்தால் நெய்தான் வீணாகும்.

பால் எடுத்தல்

இங்கே 200 கிராம் சம்பா கோதுமையை அளவாகக் கொள்வோம். அதற்கு 450 கிராம் சர்க்கரை, 225 கிராம் நெய், ஒரு சிட்டிகை உப்பு வேண்டும். கோதுமையைக் கழுவி இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். மறுநாள் புதுத் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். சக்கையில் மீண்டும் தண்ணீர் ஊற்றி இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுக்கலாம். மூன்றாம் முறையில் பால் வெளுத்துவிடும், அதோடு நிறுத்தலாம்.

சக்கையை ஓட்ட ஓட்ட அரைத்துப் பிழிவது சிக்கனம்போல் தோன்றும். ஆனால் கோதுமையிலுள்ள பசையம் எனப்படும் புரதம் சவ்வுபோல் இழுபடும் தன்மை கொண்டது. அது சக்கையோடு நின்றுவிடுவதே நல்லது. மிகுதியாகப் பாலில் இறங்கினால் அல்வா மெல்லும்போது இழுவையாக இருக்கும்.

எடுத்த பாலை அசைக்காமல் ஐந்தாறு மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து அடியில் கெட்டியாகப் படியும். மேலே மங்கலான பழுப்பு நீர் நிற்கும். அந்தத் தெளிவை மெதுவாக இறுத்துவிட வேண்டும். இலேசான புளிப்பு வாசனை வந்திருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டியதில்லை. அந்தச் சிறு புளிப்பு பின்னால் சர்க்கரை மணலாகப் பூப்பதைத் தடுக்க உதவும். அடியில் நிற்கும் கெட்டிப் பாலை நன்கு கலக்கித் தண்ணீர் சேர்த்து மொத்தம் முக்கால் லிட்டர் ஆக்கிக்கொள்ள வேண்டும். நீர் போதாவிட்டால் மாவுச்சத்து முழுதும் வேகாது. பச்சை வாசனை கடைசி வரை போகாது.

பாலும் பாகும்

அடிகனமான அகன்ற உருளியில் பாலை ஊற்றும் முன் அடிவரை கலக்க வேண்டும். சில நிமிடம் சும்மா வைத்தாலே மாவு மறுபடியும் அடியில் உட்கார்ந்துவிடும். அப்படியே ஊற்றினால் கட்டி விழும். மிதமான தீயில் விடாமல் கிளறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பால் திரண்டு, வெண்மை குறைந்து, கண்ணாடித்தன்மை கொண்ட கஞ்சியாக மாறும். இந்த நிறமாற்றமே மாவு வெந்ததற்கு அடையாளம்.

பாகு சேர்ப்பது இதற்குப் பின்புதான் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. கொதிக்கும் பாகில் பாலை ஊற்றும் முறையும் வழக்கில் உண்டு. பெரிய அடுப்பும் கைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு அது நன்றாகவே வரும். ஆனால் சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால், சர்க்கரை மிகுந்த இடத்தில் மாவுச்சத்து வேக இன்னும் அதிகச் சூடு தேவைப்படுகிறது. புதிதாகச் செய்பவர்களுக்கு மாவை முதலில் வேகவைப்பதே பத்திரம்.

பாகுக்கு 450 கிராமில் நான்கு மேசைக்கரண்டி சர்க்கரையை நிறத்துக்காகத் தனியே எடுத்துவைத்து, மீதியை 200 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். விரல்களுக்கிடையே ஒரே கம்பி இழுபட்டு அறுந்தால் போதும். பாகை அதற்கு மேல் காய்ச்சி இரண்டு கம்பிக்குக் கொண்டுபோவதால் அல்வா சீக்கிரம் முடியும் என்ற எண்ணம் தவறு. மிகையாகக் காய்ந்த பாகு ஆறியபின் மணல்மணலாகப் பூக்கும். ஐயம் இருந்தால் நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம். புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைப் பிரித்துவிடுவதால் படிகம் கட்டுவது குறையும்.

எடுத்துவைத்த சர்க்கரையை நீரின்றி வாணலியில் உருக்கித் தேன் நிறம் தாண்டிச் சிவந்ததும், சிறிது வெந்நீர் விட வேண்டும். அது சீறித் தெறிக்கும். கை தள்ளியே இருக்கட்டும். இதுவே அல்வாவின் செம்பழுப்பு நிறம். நிறப்பொடி தேவையில்லை.

சூடான பாகையும் இந்தக் கருக்கிய சர்க்கரையையும் கஞ்சியில் ஊற்றியதும் திரண்டிருந்தது மறுபடி நீர்த்துப்போகும். பலர் இங்கே பயந்து கோதுமை மாவையோ சோள மாவையோ கரைத்து ஊற்றுகின்றனர். அது தேவையற்றது. பாகின் நீர் சேர்ந்ததால் வந்த நீர்ப்பு அது, சுண்டியதும் சரியாகிவிடும்.

ஏன் இவ்வளவு நேரம்

பாலில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரும், பாகில் 200 மில்லியும் உள்ளன. முடிந்த அல்வா மொத்தம் ஏறத்தாழ 900 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் நிற்கும். அதில் சர்க்கரை, நெய், மாவுச்சத்து மூன்றையும் கழித்தால் மிஞ்சும் நீர் மிகக் குறைவு. ஆகக் கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் நீர் ஆவியாகியே தீர வேண்டும். கிளறும் நேரம் என்பது இந்த நீர் போகும் நேரமே.

கெட்டிக் கூழ் தானாகச் சுழலாது. அடியில் உள்ளது அங்கேயே நின்று கருகும். மேலே உள்ளதில் ஈரம் அப்படியே இருக்கும். துடுப்பு அடியைச் சுரண்டி மேலே கொண்டுவருவது இதற்காகத்தான். அகலமான உருளியில் ஆவி சீக்கிரம் போகும். குறுகிய குக்கரில் அதே அளவுக்கு மேலும் அரை மணி நேரம் ஆகலாம். இந்த அளவுக்கு, அகன்ற உருளியில், பாகு ஊற்றிய பின் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை எதிர்பார்க்கலாம். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் அடி பிடித்து மொத்த அல்வாவுக்கும் தீய்ந்த வாசனை ஏறும். அதைப் போக்க வழியில்லை.

நெய் ஊற்றும் முறையும் பதமும்

பாகு சேர்ந்து கலவை மீண்டும் திரளத் தொடங்கியதும் முதல் கரண்டி நெய்யை விட வேண்டும். அது முழுதும் உள்ளே போய் மினுமினுப்பு மறைந்த பிறகே அடுத்த கரண்டி. 225 கிராம் நெய் இப்படி எட்டுப் பத்துத் தவணையில் போகும். முதல் தவணைகள் சட்டென்று மறையும். போகப்போக மறையும் நேரம் நீளும். கடைசியில் அல்வா நெய்யை வாங்க மறுத்து, ஏற்கெனவே வாங்கியதையும் ஓரங்களில் கக்கும்.

நெய் கக்கினால் இறக்கு என்று சமையல் குறிப்புகளில் எழுதப்படுவது இதைத்தான். ஆனால் அந்த அடையாளம் நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றியவர்களுக்கு மட்டுமே பொருந்தும். பாதி நெய்யை ஒரேயடியாக ஊற்றினால் உறிஞ்ச முடியாத நெய் முதலிலேயே ஓரத்தில் மிதக்கும். அதைப் பதம் என்று நம்பி இறக்கிய அல்வா ஆறியபின் மேலே நெய்யும் கீழே கூழுமாக நிற்கும். பண்டிகைக்கு முந்தின நாள் வீணாகும் அல்வாக்களில் பெரும்பாலானவை இந்தப் பொய்யடையாளத்தால் இறக்கப்பட்டவையாகவே இருக்கும்.

ஆகவே நெய்யோடு வேறு அடையாளங்களையும் பார்க்க வேண்டும். அல்வா பாத்திரத்தின் பக்கங்களை விட்டு ஒரே பந்தாகத் துடுப்போடு நகர வேண்டும். துடுப்பைத் தூக்கினால் ஒழுகாமல் கனத்த மடிப்பாக நழுவ வேண்டும். எல்லாவற்றிலும் நம்பகமானது தட்டுச் சோதனை: ஒரு சில்வர் தட்டைக் குளிர்ந்த நீரில் வைத்துத் துடைத்து, அதில் அரைக் கரண்டி அல்வாவை வைத்து இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். விரலில் ஒட்டாமல் மென்மையாக உருண்டால் இறக்கலாம். அடுப்பில் இருக்கும்போதே வேண்டிய கெட்டி வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆறும்போது அல்வா இன்னும் இறுகும் என்பதால் சற்று இளகலாகவே இறக்க வேண்டும். சோதனை நடக்கும்போது தீயை அணைத்துவைப்பது முக்கியம். இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று நிமிடமே பதத்தை மாற்றிவிடும்.

ஏலக்காய்ப் பொடியும் வறுத்த முந்திரியும் இறக்கும் தறுவாயில் போதும்.

தவறினால்

ஆறியும் இளகலாக இருந்தால் நீர் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். மீண்டும் உருளியில் போட்டுச் சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கிளறினால் பெரும்பாலும் சரியாகும். புதிய நெய் தேவையில்லை, வெளிவந்ததையே திரும்பச் சேர்க்கலாம். மணலாகப் பூத்திருந்தால் கால் டம்ளர் வெந்நீரும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுச் சர்க்கரை கரையும்வரை கிளறி, மறுபடி பதம் பார்க்க வேண்டும். இறுகிப்போனதற்கும் வெந்நீர் ஓரளவு உதவும். ஆனால் பசையம் மிகுந்து இழுவையாகிவிட்ட அல்வா அடுப்பில் திருந்தாது. அதைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சூடாகப் பரிமாறுவதே வழி.

மறுநாள் அல்வாவின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பெரும்பாலும் உறைந்த நெய்யே. இலேசாகச் சூடாக்கினால் மறைந்துவிடும்.