மாத்திரை ஒன்று, அட்டை இரண்டு

ராஜபாளையத்தில் எந்த மெடிக்கலில் போய் "டிஸ்பிரின் ஒண்ணு குடுங்க" என்றாலும் தலைவலிக்கு என்று புரிந்துகொண்டு கொடுப்பார்கள். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியவர் வீட்டில் "ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை" என்று ஈக்கோஸ்பிரின் அட்டை இருக்கும். இரண்டிலும் உள்ள மருந்து ஆஸ்பிரின்தான். அளவும் மாத்திரை செய்யப்பட்ட விதமும்தான் வேறு.

ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஒரு நொதி தேவை. ஆஸ்பிரின் அந்த நொதியின் மேல் போய் ஒட்டி, அதை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. எனவே புதிய நொதியை உண்டாக்க அதனால் முடியாது. அது வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை முடங்கியபடியே கிடக்கும். தினமும் புதிதாகப் பிறக்கும் தட்டணுக்களை முடக்க ஒரு சிறு அளவு போதும். 75 மில்லிகிராம் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

வலியின் கதை வேறு. வலியும் வீக்கமும் உண்டாகும் இடத்துச் செல்களுக்கு உட்கரு உண்டு. முடக்கிய நொதிக்குப் பதிலாகச் சில மணி நேரத்தில் வேறொன்றைச் செய்துகொள்ளும். ஆகவே வலி அடங்கப் பெரிய அளவு வேண்டும். நான்கைந்து மணி நேரம் கழித்து வலி திரும்பவும் வரலாம். டிஸ்பிரினில் 350 மில்லிகிராம் இருப்பது இதற்காகத்தான்.

இரண்டு அட்டைகளையும் பின்பக்கம் திருப்பிப் படித்துப் பாருங்கள். டிஸ்பிரினில் ஒரு மாத்திரைக்கு ஆஸ்பிரின் 350 மி.கி. என்றிருக்கும், தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். ஈக்கோஸ்பிரினில் 75 என்ற எண்ணோடு "கேஸ்ட்ரோ-ரெசிஸ்டன்ட்" என்ற சொல் இருக்கும். இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும்படி மேல்பூச்சு பூசப்பட்டது என்று பொருள். அந்தப் பூச்சினால் மருந்து ரத்தத்தில் கலக்கச் சில மணி நேரம் ஆகும். தலைவலிக்கு அவசரமாக இதை விழுங்கினால் பலன் கிடைக்காதது அளவு குறைவு என்பதால் மட்டும் இல்லை, இந்தத் தாமதத்தாலும்தான்.

பெயரை மட்டும் பார்ப்பவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஈக்கோஸ்பிரின் என்ற அதே பெயரில் 75, 150, 325 என்று மூன்று அளவு வருகிறது. பெயருக்குப் பின்னால் ஏ.வி. என்று இருந்தால் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்திருக்கிறது. 75/10 என்றால் முதல் எண் ஆஸ்பிரின், இரண்டாவது எண் அட்டோர்வாஸ்டாட்டின். மருந்தின் பொதுப்பெயரை நிறுவனப் பெயரைவிட இரண்டு எழுத்தளவு பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018-இல் மருந்து விதிகளில் திருத்தம் வந்தது. ஆனால் கடையில் நாலு மாத்திரை வெட்டி வாங்கும்போது பெயரும் அளவும் கடைக்காரர் கையில் உள்ள மீதித் துண்டோடு தங்கிவிடுகின்றன. என்னைக் கேட்டால், இதய மாத்திரையை அட்டையாகவே வாங்குவது நல்லது.

மாற்றிச் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஸ்டென்ட் வைத்த ஒருவர், "அதுவும் ஆஸ்பிரின்தானே" என்று தினமும் 75-க்குப் பதில் 350 விழுங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டணுக்களில் முடக்க வேண்டியதை 75-ஏ முடக்கிவிட்டது. மீதி அளவால் இதயத்துக்குக் கூடுதல் லாபம் இல்லை. இரைப்பைச் சுவரைக் காக்கும் சுரப்புதான் குறைந்து, புண்ணும் ரத்தக் கசிவும் வர வழியாகும். கறுப்பாக, தார் போல மலம் போனால் அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம். டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு காய்ச்சல் வந்தால் வலிக்கான ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இதயத்துக்காகச் சாப்பிடுபவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சிறிய அளவு மாத்திரையே பெரிய அளவாகும் நேரமும் உண்டு. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. ஆக ஆஸ்பிரின் மட்டும் 300 மி.கி. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தட்டணுக்களை முடக்கிக்கொண்டிருக்க அப்போது நேரம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே முறையில் முடக்க வேண்டும். ராஜபாளையத்திலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஆகும் நேரத்தில் ரத்தக்கட்டி வளராமல் தடுப்பதே இதன் நோக்கம்.

பூச்சு போட்ட மாத்திரையை அந்த நேரத்தில் முழுதாக விழுங்கக் கூடாது, மென்று தின்ன வேண்டும். மென்றால் பூச்சு உடைந்து மருந்து சீக்கிரம் வேலை செய்யும். வீட்டில் 75 மட்டும் இருந்தால் நான்கை மெல்வது 300-க்குச் சமம். ஆனால் முதலில் 108-ஐக் கூப்பிட்டு, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர், ரத்தக் கசிவு உள்ளவர், வாய் கோணி, கை கால் விளங்காமல் போனவர் இதைத் தொடவே கூடாது. எதைச் சாப்பிட்டீர்கள், எத்தனை மில்லிகிராம் என்பதை அட்டையோடு கொண்டுபோய்க் காட்டினால், அங்கே மேற்கொண்டு எவ்வளவு கொடுப்பது என்று கணக்கிட முடியும்.